மேஷமா மீனமா: ஜெர்மனிக்கு மாற்றல் வந்த சுங்கை சிப்புட் தம்பிக்கு

"ஐயாவுக்கு வணக்கம். ஊர் சுங்கை சிப்புட், தோட்டத்துப் பிள்ளை. பிறந்தது 27 செப்டம்பர் 1996, வெள்ளிக்கிழமை, இரவு 7.40, ஊர் ஆஸ்பத்திரியில். நேரம் பிறப்புப் பத்திரத்தில் உள்ளது. பினாங்கில் பிராசஸ் இன்ஜினியராக இருக்கிறேன். கம்பெனி இரண்டு வருடத்துக்கு ஜெர்மனிக்கு மாற்றல் தருகிறது. 2026 ஆகஸ்டில் சேர வேண்டும், இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பா 2021இல் தவறிவிட்டார். அம்மாவுக்கு இனிப்பு நீர். அக்கா ஈப்போவில் இருக்கிறார். தோட்டத்துக் கோயிலில் எழுதிய ஜாதகத்தில் மேஷ லக்னம், ரேவதி நட்சத்திரம். அதைப் பார்த்த ஒரு ஜோசியர், 'பன்னிரண்டில் மூன்று கிரகம், போனால் எல்லாம் விரயம். 2027 பிப்ரவரி வரை செவ்வாய் புத்தி, நீ கடல் தாண்டினால் தாயாருக்குக் கண்டம். ஜென்மச் சனி வேறு' என்றார். கிரகணத்தன்று பிறந்தவன் என்று பாட்டியும் பயப்படுகிறார். உண்மையைச் சொன்னால் எனக்கு ஜோசியத்தில் பாதி நம்பிக்கைதான். ஆனால் அம்மா பெயரைச் சொன்னதும் கை ஓடவில்லை. நான் வேலைக்காகப் போகிறேனா, ஊரை விட்டுத் தப்பிக்கப் பார்க்கிறேனா என்றும் தெரியவில்லை. ஜாதகத்தின் படத்தை வைத்திருக்கிறேன்."

தம்பி, அந்த ஜோசியர் சொன்னதைப் பார்ப்பதற்கு முன் ஜாதகத்தைப் பார்க்க வேண்டும். நீங்கள் அனுப்பிய படத்தில் கட்டத்துக்கு இடது பக்கம் சிறிய எழுத்தில் "உதயாதி நாழிகை 34, விநாழிகை 10" என்று இருக்கிறது. எல்லாக் குழப்பமும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

உதயாதி நாழிகை என்பது சூரியன் உதித்ததிலிருந்து பிள்ளை பிறந்தது வரை ஆன நேரம். ஒரு நாழிகை 24 நிமிடம். அப்படியானால் 34 நாழிகை 10 விநாழிகை என்பது 13 மணி 40 நிமிடம். இரவு 7.40இலிருந்து அதைக் கழித்துப் பாருங்கள், சரியாகக் காலை ஆறு மணியில் வந்து நிற்கும். எழுதியவர் அன்று சூரியன் ஆறு மணிக்கு உதித்ததாக வைத்துக்கொண்டிருக்கிறார். தமிழ்நாட்டில் செப்டம்பர் கடைசியில் அது ஏறக்குறைய சரி. சுங்கை சிப்புட்டில் காலை ஆறு மணிக்குச் சூரியன் உதித்து யார் பார்த்திருக்கிறார்கள்? பால்மரம் வெட்டப் போனவர்கள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போன நேரம் அது.

காரணம் இதுதான். நம் கடிகாரம் கிரீன்விச்சுக்கு எட்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அது 120 பாகை தீர்க்கரேகைக்கு உரிய நேரம். சுங்கை சிப்புட் இருப்பதோ 101 பாகையில். பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்குப் போட்டால், ஊர்க் கடிகாரம் ஊர்ச் சூரியனை விட ஒன்றேகால் மணி நேரம் முந்திக்கொண்டிருக்கிறது. நம் ஊரில் உச்சி வெயில் பன்னிரண்டுக்கு வராமல் ஒரு மணிக்கு மேல் வருவது இதனால்தான். நீங்கள் பிறந்த அன்று உதயம் காலை 7.03 வாக்கில், அஸ்தமனம் இரவு 7.10 வாக்கில். ஆக உங்கள் உண்மையான உதயாதி நாழிகை சுமார் முப்பத்தொன்றரை. ஜாதகத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகப் போயிருக்கிறது. ஒரு லக்னம் சராசரியாக இரண்டு மணி நேரம்தான் நிற்கும் என்பதால், இந்தப் பிழை லக்னத்தைத் தள்ளிவிடப் போதும்.

நீங்கள் இன்ஜினியர், என் பேச்சை நம்ப வேண்டியதில்லை. எந்தச் செயலியும் இல்லாமல் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. சூரியன் உதிக்கும்போது அது நிற்கும் இடமே லக்னம். மறையும்போது அதற்கு நேர் ஏழாவது ராசியில் அதே பாகை லக்னம். புரட்டாசியில் பிறந்த உங்களுக்குச் சூரியன் கன்னியில் பதினோராம் பாகையில் இருக்கிறது. ஆகவே அன்று 7.10க்கு லக்னம் மீனத்தில் பதினோராம் பாகை. ராசி முடிய இன்னும் பத்தொன்பது பாகை பாக்கி. அது நகர ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். நீங்கள் பிறந்தது அஸ்தமனத்துக்கு அரை மணி நேரம் கழித்து. அப்போது மேஷம் எப்படி உதித்திருக்கும்? நான் முழுக்கணக்கும் போட்டேன். மாலை ஆறரை வாக்கில் பிடித்த மீன லக்னம் எட்டேகால் வரை நின்றிருக்கிறது. நர்ஸ் கடிகாரம் கால் மணி முன்பின் ஓடியிருந்தாலும் உங்கள் லக்னம் மீனம்தான். கைபேசிச் செயலியில் போடுவதானால் ஊர், நேர மண்டலம் இரண்டையும் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். சில செயலிகள் கேட்காமலே இந்தியாவின் ஐந்தரையைப் போட்டுவிடும்.

நட்சத்திரத்திலும் இதே கதை. அன்று உத்திரட்டாதி இந்திய நேரப்படி மாலை ஆறரையைத் தாண்டி முடிகிறது, அப்புறம் ரேவதி. தமிழ்நாட்டுப் பஞ்சாங்கத்தில் அப்படித்தான் அச்சாகியிருக்கும். எழுதியவர் அதன் பக்கத்தில் உங்கள் 7.40ஐ வைத்து, உத்திரட்டாதி போய்விட்டது என்று முடிவு கட்டியிருக்கிறார். ஆனால் மலேசியாவின் 7.40 இந்தியாவில் மாலை 5.10. சந்திரன் இந்தியாவுக்கு ஒன்று மலேசியாவுக்கு ஒன்று என்று இரண்டு கிடையாது. நம் கடிகாரப்படி உத்திரட்டாதி இரவு ஒன்பது மணி தாண்டும் வரை இருந்தது. நீங்கள் உத்திரட்டாதி நான்காம் பாதம். நான் திருக்கணிதம் பார்ப்பவன், வாக்கியத்தில் முடிவு நேரம் கொஞ்சம் முன்பின் ஆகும்.

நட்சத்திரம் மாறினால் திசையெல்லாம் தலைகீழாகிவிடும் என்று பயப்பட வேண்டாம். ரேவதியின் தொடக்கம் என்றால் புதன் திசை பதினேழு வருடமும் கிட்டத்தட்ட முழுசாக இருக்கும். உத்திரட்டாதியின் கடைசி என்றால் சனி திசையில் ஒன்றேகால் வருடம் பாக்கி, அப்புறம் புதன். வரிசை ஒன்றுதான், எல்லாம் இரண்டு வருடம் பின்னால் தள்ளிப்போகிறது. பழைய கணக்கில் சுக்கிர திசை 2019 கடைசியில் தொடங்கியது. சரியான கணக்கில் 2022 தொடக்கத்தில். ஆகவே இப்போது உங்களுக்குச் செவ்வாய் புத்தி நடக்கவே இல்லை. சூரிய புத்தி முடியப் போகிறது, 2026 நடுவில் சந்திர புத்தி தொடங்கி 2027 முடியும் வரை ஓடும். "2027 பிப்ரவரி வரை" என்று சொன்ன கெடு, நடக்காத ஒரு புத்திக்குச் சொன்ன கெடு.

இந்த இடத்தில் பல ஜோசியர்கள் ஒரு வேலை செய்வார்கள். "அப்பா 2021இல் தவறினார் அல்லவா, பாருங்கள், என் கணக்கில் அது சரியாக விழுகிறது" என்பார்கள். நானும் போட்டுப் பார்த்தேன். புதிய கணக்கில் 2021 கேது திசையில் புதன் புத்தி. தகப்பன் ஸ்தானத்துக்கு எட்டாம் அதிபதி புதன், அதனால் பொருந்துகிறது. பழைய கணக்கில் சுக்கிரன் தகப்பன் ஸ்தானத்துக்கு எட்டில் நிற்கிறார், அதுவும் பொருந்துகிறது. நடந்து முடிந்த ஒன்றை எந்த ஜாதகத்திலும் பொருத்தலாம். அதனால் அதை நான் சாட்சியாக எடுக்கவில்லை. என் சாட்சி உங்கள் ஊரின் உதய நேரம் மட்டுமே. பாதி நம்பிக்கைக்காரருக்கு அது போதும் என்று நினைக்கிறேன்.

இனி பலன். கிரகங்கள் நிற்கும் ராசியில் மாற்றமில்லை. மீனத்தில் சந்திரன், சனி, கேது. கடகத்தில் செவ்வாய், சுக்கிரன். சிம்மத்தில் புதன், கன்னியில் சூரியனும் ராகுவும், தனுசில் குரு. எண்ணத் தொடங்கும் இடம்தான் மாறுகிறது. மேஷத்திலிருந்து எண்ணினால் மீனம் பன்னிரண்டு, அங்கே மூன்று கிரகம், விரயம். மீனத்திலிருந்து எண்ணினால் அதே மூவரும் லக்னத்தில். பன்னிரண்டாம் வீடான கும்பம் காலியாக இருக்கிறது, அதன் அதிபதி சனி லக்னத்துக்கு வந்து நிற்கிறார். பன்னிரண்டாம் அதிபதி லக்னத்தில் இருந்தால் ஊரை விட்டு வாழும் அமைப்பு என்றுதான் சொல்வோம். அதில் சுகமும் உண்டு, தனிமையும் உண்டு. நஷ்டம் என்று ஒரே வார்த்தையில் முடிப்பது சரியில்லை.

தொழிலைக் கேட்டால், பத்தாம் வீடு தனுசு. அங்கே குரு ஆட்சி. லக்னாதிபதியே பத்தில் ஆட்சியாக உட்கார்ந்திருக்கிறார். இந்த ஜாதகத்தில் பலமான இடம் அதுதான், அடுத்த இடத்துக்கும் அதற்கும் நிறைய தூரம். வருகிற ஜூன் தொடக்கத்தில் கோசார குரு கடகத்துக்கு வந்து உச்சமாகிறார். அது உங்கள் ராசிக்கும் லக்னத்துக்கும் ஐந்தாம் இடம். அங்கிருந்து ஒன்பதாம் பார்வையாக மீனத்தைப் பார்க்கிறார். ஆகஸ்டில் சேர்வதற்கு இதை விட நல்ல துணையை நான் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை.

எல்லாமே சர்க்கரை என்று சொல்லவும் மாட்டேன். மீன லக்னத்துக்குச் சுக்கிரன் மூன்றுக்கும் எட்டுக்கும் உடையவர், நல்லவர் இல்லை. அவர் திசைதான் இருபது வருடம். காசு வரும், ஆனால் இடம், வீடு, ஆள் என்று அடிக்கடி மாற்றமும் வரும். சனியும் சந்திரனும் சேர்ந்த புனர்ப்பூவும் உங்களிடம் இருக்கிறது. அது நடக்க வேண்டியதைத் தடுக்காது, இழுத்தடிக்கும். விசா, வீட்டு வாடகை ஒப்பந்தம், கல்யாணப் பேச்சு எல்லாம் ஒரே தடவையில் முடியாது. ஆகஸ்ட் என்றால் செப்டம்பர் ஆகலாம். அதைச் சகுனத் தடை என்று எடுத்துக்கொண்டு பாதியில் விட்டுவிடாதீர்கள்.

ஜென்மச் சனி உண்மைதான். திருக்கணிதப்படி 2025 மார்ச் 29 முதல் சனி மீனத்தில். ஆனால் நீங்கள் பிறந்தபோதும் சனி மீனத்தில்தான், அதாவது ஜென்மச் சனியிலேயே பிறந்தவர். அது முதல் சுற்று, மங்கு சனி. இப்போது நடப்பது இரண்டாவது சுற்று, பொங்கு சனி. வேலைச் சுமை கூடும், தூக்கம் குறையும், சம்பளத்துக்குச் சமமாக உழைப்பைப் பிழிந்து எடுப்பார். பினாங்கில் இருந்தாலும் இதே சனிதான். ஜெர்மனியில் கூடுதலாகக் குளிர் இருக்கும், அவ்வளவுதான்.

பாட்டியின் கிரகணத்துக்கு வருகிறேன். அன்று முழுச் சந்திர கிரகணம் நடந்தது நிஜம். அதன் உச்சம் நம் நேரப்படி காலை 10.54. பட்டப்பகல், சந்திரன் நம் தொடுவானத்துக்குக் கீழே. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் பார்த்தார்கள், மலேசியாவில் யாரும் பார்க்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத கிரகணத்துக்குத் தீட்டும் இல்லை, தோஷமும் இல்லை என்பது பழைய விதி. நீங்கள் பிறந்ததோ அது முடிந்து பல மணி நேரம் கழித்து. பாட்டியிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள். அவர் காலண்டரில் பார்த்ததில் தப்பில்லை, காலண்டர் வேறு ஊருக்கு அச்சடித்தது.

அம்மா விஷயத்தைக் கடைசிக்கு வைத்தேன். மேஷ லக்னம் என்று வைத்தால் லக்னாதிபதி செவ்வாய் நாலாம் வீடான கடகத்தில் நீசம். அதை வைத்துத்தான் அந்த ஜோசியர் கண்டம் சொல்லியிருக்கிறார். அவர் கையில் இருந்த கட்டத்துக்கு அவர் சொன்னது ஒரு கணக்கு. மீன லக்னத்துக்கு நாலாம் வீடு மிதுனம். அதன் அதிபதி புதன் ஆறாம் வீடான சிம்மத்தில். ஆறு நோய் ஸ்தானம், ஆக அம்மாவுக்கு நீண்ட நாள் வைத்தியம் உண்டு என்று ஜாதகம் சொல்கிறது. அது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். ஆனால் தனுசில் இருக்கும் குரு ஏழாம் பார்வையாக மிதுனத்தையும், ஒன்பதாம் பார்வையாகப் புதனையும் பார்க்கிறார். தாய் ஸ்தானம், அதன் அதிபதி இரண்டுக்கும் குரு பார்வை. பழைய கட்டத்தில் கடகத்துக்குக் குரு பார்வையே கிடையாது. லக்னம் ஒரு வீடு நகர்ந்ததில் பெரிய வித்தியாசம் இங்கேதான்.

இருந்தாலும் சந்திர புத்தி வருகிறது. சந்திரன் தாய்க்குக் காரகர், அவரோடு சனி, மேலே கோசாரச் சனி. 2028 வரை அம்மாவின் உடம்பில் கவனம் வேண்டும் என்பதை நான் மறைக்க மாட்டேன். நீங்கள் போனாலும் அந்தக் காலம் வரும், போகாவிட்டாலும் வரும். பிள்ளை விமானம் ஏறியதால் தாய்க்குக் கண்டம் வரும் என்று சொல்ல எந்த விதியும் நான் படித்ததில்லை. அம்மாவின் சொந்த ஜாதகத்தையும் அக்காவின் ஜாதகத்தையும் பார்க்காமல், பையன் கட்டத்தை மட்டும் வைத்து அப்படிச் சொல்லியிருக்கவும் கூடாது.

ஆக, என் பதில்: ஒத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் கம்பெனியிடம் மூன்று விஷயத்தை எழுத்தில் கேளுங்கள். இரண்டு வருடம் முடிந்து திரும்பினால் பினாங்கில் உங்கள் இடம் இருக்குமா, அவசரமாக ஊருக்கு வர வேண்டியிருந்தால் டிக்கெட் யார் செலவு, அப்போது எத்தனை நாள் விடுப்பு. எட்டாம் அதிபதியின் திசையில் வாய்ப்பேச்சை நம்பிப் போகக் கூடாது. அம்மாவுக்கு, நீங்கள் கிளம்பும் முன் கிளினிக் கெசிஹாத்தானில் சிறுநீரகமும் கண்ணும் பார்த்து, அடுத்த சோதனைத் தேதிகளை அக்காவின் கைபேசியிலும் போட்டு வையுங்கள். அக்காவிடம் இதைக் கேட்டீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. கேளுங்கள். ஈப்போ அரை மணிச் சொச்சத்தில் வந்துவிடும் தூரம், பினாங்கை விடக் கிட்டத்தில் இருப்பவர் அவர்தான்.

வேலைக்காகவா, தப்பிக்கவா என்ற கேள்விக்குக் கட்டத்தில் பதில் இல்லை. பன்னிரண்டாம் அதிபதி லக்னத்தில் இருப்பவருக்கு வெளியே போகும் ஆசை பிறவியிலேயே இருக்கும். அதற்கு நல்ல காரணம், கெட்ட காரணம் என்று கிரகம் பிரித்துச் சொல்லாது. அப்பா போன வீட்டில் ஒரே பையனாக வளைய வருவது கனம்தான். கொஞ்சம் தப்பிக்கத் தோன்றினால் அது பாவம் இல்லை.

கிளம்பும் நாளுக்கு ஒரு குறிப்பு. மீன ராசிக்குச் சந்திரன் துலாத்தில் இருக்கும் இரண்டேகால் நாள் சந்திராஷ்டமம், அதைத் தவிர்த்தால் போதும். ராகு காலம் பார்ப்பதானால் நம் உதயத்தை வைத்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு என்பது ஆறு மணி உதயத்துக்குச் சொன்னது. ஏழு மணிக்கு உதிக்கும் நம் ஊரில் அது பதினொன்றரை தாண்டித் தொடங்கி ஒரு மணி வரை போகும். ஊரில் பலர் நல்ல நேரம் என்று கிளம்புவது நடு ராகு காலத்தில்தான்.

டிக்கெட் போடும் முன் இரண்டு மூன்று தேதிகளை எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அம்மாவின் பிறந்த தேதி, நேரம், ஊரையும் அனுப்புங்கள். அவர் ஜாதகத்தை யாராவது கணித்து வைத்திருந்தால் அதன் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். 1982 ஜனவரி 1க்கு முன் நம் கடிகாரம் கிரீன்விச்சுக்கு ஏழரை மணி நேரம்தான் முன்னால் இருந்தது. இன்றைய எட்டு மணிக் கணக்கை அவருக்குப் போட்டிருந்தால் அதிலும் அரை மணி நேரம் தவறியிருக்கும்.